ஏஐ படத்தில் முடி மெழுகுபோல் வந்தால்: இழைகளைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

[திரை: முழு உருவப் படம். மெல்லத் தலைப்பகுதிக்கு ஜூம்]

படம் 832 × 1216 பிக்சல். முகம் சரி, உடை சரி. தலைமுடி மட்டும் கறுப்பு ஹெல்மெட் மாட்டியதுபோல் இருக்கிறது.

காரணம் அளவுதான். இதை வரைந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் எஸ்டிஎக்ஸ்எல் என்ற ஏஐ மாடல் படத்தைச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்யும். 8 × 8 பிக்சல் சேர்ந்து ஒரு கட்டம். இந்தப் படத்தில் தலையின் அகலம் ஏறக்குறைய 150 பிக்சல், அதாவது 19 கட்டம். அதற்குள் தனித்தனி இழை எங்கே நிற்கும்?

பலரும் உடனே ஷார்ப்பன் போடுவார்கள். இல்லாத இழையை அது உருவாக்காது. முடியின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழுவதுதான் மிச்சம்.

[திரை: படம் இரண்டு மடங்காகிறது]

முதலில் முழுப் படத்தையும் இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். முடியை மட்டும் பெரிதாக வரையவைத்தாலும், கடைசியில் அது பழைய அளவுக்குச் சுருங்கித்தான் படத்தில் ஒட்டும். கிடைத்த இழையெல்லாம் மறுபடி கரைந்துவிடும்.

[திரை: கிருட்டா. முடிமேல் கோடுகள்]

அடுத்தது, என் கணிப்பில், பாதி வேலையை முடித்துவிடும் படி. வழவழப்பான பரப்பை அப்படியே கொடுத்தால் மாடல் வழவழப்பையே திருப்பித் தரும். அதனால் கிருட்டா என்ற ஓவிய மென்பொருளில் 2 அல்லது 3 பிக்சல் பிரஷ்ஷை எடுத்து, வகிட்டிலிருந்து முடி விழும் திசையிலேயே கிறுக்குங்கள். அடர்ந்த கோடு சில, வெளிர்ந்த கோடு சில. பளபளக்கும் பட்டையின் குறுக்கே கட்டாயம் சில இருண்ட கோடுகள் வேண்டும். அழகாக இருக்கத் தேவையில்லை, திசை சரியாக இருந்தால் போதும்.

[திரை: இன்பெயின்ட் பக்கம், மாஸ்க்]

இப்போது இன்பெயின்ட், அதாவது மாஸ்க் போட்டுக் குறித்த பகுதியை மட்டும் மாடலை மறுபடி வரையவைப்பது. மாஸ்க் முடியோடு நிற்காமல் பின்னணிக்குள்ளும் கொஞ்சம் நீளட்டும். ஹெல்மெட் தோற்றம் பெரும்பாலும் அந்த வெட்டிய ஓரத்தால்தான் வருகிறது. பிசிறு முடி வெளியே வர இடம் வேண்டுமே. ஆட்டோமேட்டிக்1111 திரையில் `Inpaint area` என்பதில் `Only masked`, அளவு 1024 × 1024. இப்போது தலைக்கு 19க்குப் பதில் சுமார் 75 கட்டம் கிடைக்கும்.

ப்ராம்ப்டில் பட்டுப்போன்ற, பளபளப்பான என்ற பொருள்தரும் சொற்களை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

```
individual hair strands, flyaway hairs, baby hairs along hairline
```

பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சொல்லும் `Denoising strength`ஐ 0.45இல் தொடங்கலாம். 0.25க்குக் கீழே போனால் மெழுகு அப்படியே இருக்கும், இல்லையென்றால் உங்கள் கிறுக்கல் தெரியும். 0.6ஐத் தாண்டினால் வகிடு இடம் மாறும், சிகையலங்காரமே வேறாகிவிடும்.

[திரை: முன், பின். 100 சதவீத ஜூம்]

இங்கே பாருங்கள். ஒளிப்பட்டை துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. நெற்றியோரத்தில் முடி அடர்த்தி குறைந்து தோல் தெரிகிறது. இழைகளெல்லாம் ஒரே தடிமனில் கம்பிபோல் வந்திருந்தால் 0.35க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

முகத்தைச் சீராக்கும் கருவி ஏதாவது பயன்படுத்துவதாக இருந்தால், அதை இந்த வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு ஓட்டினால் நெற்றியோர இழைகளை அது மறுபடி மழுங்கடித்துவிடும்.