கண்டுபிடிப்பது ப்ளூடூத், சுமப்பது வைஃபை

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பல வருசமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு போனில் இருக்கும் வீடியோவை நெட் இல்லாமல் இன்னொரு போனுக்கு மாற்றுவதைப் பற்றி இன்று பேசுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ஆனாலும் கடையில் நடந்ததைவிட, போன மாதம் எங்கள் அண்ணன் தோப்பில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு நன்றாக விளங்கும்.

அண்ணன் இருப்பது பேரையூர் வட்டத்தில், சாப்டூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் போன் பேசலாம். கீழே தோப்புக்குள் வந்துவிட்டால் நெட் சுத்தமாகக் கிடையாது. அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுடைய இயற்பியல் ஆசிரியர் தான் எடுத்த பாடங்களைப் பன்னிரண்டு வீடியோவாக்கி, பிள்ளைகள் எல்லாரும் இறக்கிக்கொள்ளட்டும் என்று லிங்க் அனுப்பியிருந்தார். மொத்தம் 1.8 ஜிபி. அவளால் ஒன்றைக்கூட முழுசாக இறக்க முடியவில்லை. மதுரையில் என் வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் என் போனில் இறக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

இறக்கியது என்று சொல்லும்போதே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். யூடியூப் செயலிக்குள்ளேயே டவுன்லோட் பொத்தானை அழுத்தி வைத்திருக்கும் வீடியோ வேறு, போனில் தனி ஃபைலாக இருக்கும் வீடியோ வேறு. முதல் வகை உங்கள் போனில்தான் இருக்கிறது, இடத்தையும் அடைக்கிறது. ஆனால் அந்தச் செயலியின் பூட்டுக்குள் இருக்கிறது. நெட் இல்லாமல் நீங்கள் பார்க்கலாம், அடுத்தவர் போனுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. யூடியூப் கோ என்று ஒரு சின்னச் செயலி இருந்தபோது, பக்கத்தில் இருப்பவருக்கு அப்படிக் கொடுக்கும் வசதி அதில் இருந்தது. 2022 ஆகஸ்டோடு அந்தச் செயலியை நிறுத்திவிட்டார்கள். எது எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கேலரியைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே வீடியோவின் பெயரும் இத்தனை எம்பி என்ற அளவும் தெரிந்தால் அதை அனுப்பலாம். அங்கே இல்லாத வீடியோவுக்கு இன்று நான் சொல்லும் வழி உதவாது.

தோப்புக்குப் போனதும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து, ஷேர் அழுத்தி, குயிக் ஷேரைத் தொட்டேன். இது இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் கூடவே வருகிற வசதி, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் நியர்பை ஷேர் என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் சாம்சங் வைத்திருந்த குயிக் ஷேரோடு இணைத்து அதே பெயரை வைத்துவிட்டார்கள். அவள் போன் பெயர் என் திரையில் வந்தது. தொட்டேன், அவள் சம்மதம் கொடுத்தாள், பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

ஓட ஆரம்பித்தது என்று சொல்வதைவிட ஊர்ந்தது என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, "சித்தப்பா, இது நகரவே மாட்டேங்குது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். 60 எம்பிதான் வந்திருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது.

இந்தப் பகிர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. பக்கத்தில் எந்தப் போன் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதும், இரண்டையும் பேசவைப்பதும் ப்ளூடூத்தின் வேலை. பேசி முடிந்ததும் இரண்டு போனும் தங்களுக்குள்ளேயே நேரடியாக ஒரு வைஃபை இணைப்பைப் போட்டுக்கொண்டு, பெரிய சுமையை அதன் வழியே கடத்துகின்றன. இதற்கு மோடமோ சிம்மில் நெட்டோ தேவையில்லை. ஏதோ ஒரு காரணத்தால் அந்த வைஃபை இணைப்பு அமையவில்லை என்றால், சுமை முழுதும் ப்ளூடூத் தலையில் விழுந்துவிடும். ப்ளூடூத் நல்ல நிலையில் இருந்தாலே ஒரு வினாடிக்குக் கால் எம்பி, சில சமயம் அதற்கும் குறைவுதான் கடத்தும். 1.8 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். வைஃபையில் அதுவே சாதாரணப் போனில் வினாடிக்கு நாலு எம்பி வரை போகும். இரண்டு போனும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ளவை என்றால் இருபது எம்பிக்கு மேலும் போகும்.

அதனால் முதல் ஒரு நிமிடம் திரையைக் கவனியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். ஒரு நிமிடத்தில் நூறு எம்பிக்கு மேல் போயிருந்தால் வைஃபையில் போகிறது, விட்டுவிடலாம். பத்துப் பதினைந்து எம்பியிலேயே நிற்கிறது என்றால் ப்ளூடூத்தில் போகிறது. காத்திருப்பதில் பலன் இல்லை. உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

என் விஷயத்தில் காரணம் என் போனிலேயே இருந்தது. பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் அவசரமாக ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று கேட்க, ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்திருந்தேன். அணைக்க மறந்துவிட்டேன். போனுக்குள் இருக்கிற வைஃபை சில்லு அந்த ஹாட்ஸ்பாட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் போனோடு புதிதாக இன்னொரு இணைப்பைப் போட அதற்கு வழி இல்லை. கடைக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மேல் இதே ஹாட்ஸ்பாட்தான் தடை.

வீட்டில் மோடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போன் மோடத்தோடு இணைந்திருக்கும்போது அனுப்பினால், பல போன்களில் அந்த மோடம் இருக்கும் அதே அலைவரிசையிலேயே இந்தப் பகிர்வும் நடக்கும். நெரிசலில் வேகம் பாதியாகிவிடும். வைஃபையை அணைக்க வேண்டாம். வைஃபை எரிந்துகொண்டே இருக்கட்டும், மோடத்தோடு உள்ள தொடர்பை மட்டும் துண்டித்துவிட்டு அனுப்புங்கள். காதில் ப்ளூடூத் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே அனுப்புவதையும் தவிர்க்கலாம், அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குள் இடம் பிடிக்கிறது.

ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். இரண்டு போனிலும் வைஃபை, ப்ளூடூத், லொகேஷன் மூன்றும் எரிவதைப் பார்த்துக்கொண்டேன். லொகேஷன் எதற்கு என்று அவள் கேட்டாள். பக்கத்தில் இருக்கும் போன்களைத் தேட ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கிறது, பழைய போன்களில் அது இல்லாமல் தேடலே தொடங்காது. மறுபடி ஷேர் அழுத்தினால் இந்த முறை அவள் போன் பெயரே வரவில்லை. அவள் போனில், யாருக்கு என்னைக் காட்டலாம் என்ற இடத்தில் எவ்ரிஒன் என்று வைத்திருந்தோம். அது பத்து நிமிடம்தான் நிற்கும், பிறகு தானாக மறைந்துவிடும். முதல் முயற்சியிலும் பேச்சிலும் அந்தப் பத்து நிமிடம் ஓடிப்போயிருந்தது. மறுபடி எவ்ரிஒன் தொட்டதும் பெயர் வந்துவிட்டது. போன் பழுது என்று கடைக்குக் கொண்டுவருகிறவர்களில் சிலருக்கு நான் செய்து கொடுப்பது இந்த ஒரு தொடுதல்தான்.

இரண்டு திரையிலும் ஒரே நாலு இலக்க எண் வந்தது. அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவள் சம்மதம் தொட்டாள். தோப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். மாட்டுத்தாவணி மாதிரிக் கூட்டத்தில் ஒரே மாடல் போன் பத்து இருக்கும், அங்கே இந்த எண்ணைப் பார்க்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள்.

இந்தத் தடவை ஒரு நிமிடத்தில் 230 எம்பி. என் போன் புதுசு, அவளுடையது பழசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது. இரண்டில் மெதுவான போனின் வேகம்தான் கிடைக்கும். எட்டு நிமிடத்தில் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. அந்த எட்டு நிமிடமும் இரண்டு போனையும் கட்டிலிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். பேட்டரி சேவரையும் அணைத்துவிட்டேன். அது எரிந்தால் திரை மங்கியதும் சில போன்கள் பகிர்வையே நிறுத்திவிடும். அனுப்புவதற்கு முன்னாலேயே அவள் போனில் இடம் பார்த்தாயிற்று, 3 ஜிபி இருந்தது. வாங்குகிற போனில் வீடியோவின் அளவுக்கு மேல் இடம் இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

வீடியோக்கள் கேலரியில் தெரியவில்லை என்று தேடினாள். ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸுக்குள் குயிக் ஷேர் என்ற தனி ஃபோல்டரில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பதினொன்று நன்றாக ஓடின. ஒன்பதாவது பாடத்தில் ஆசிரியரின் குரல் கேட்கிறது, திரை கருப்பு.

"சித்தப்பா, இது கெட்டுப்போய் வந்துருச்சு" என்றாள்.

கெட்டுப்போகவில்லை. இரண்டு போனிலும் அந்த ஃபைலின் அளவைப் பார்த்தோம், ஒரே அளவு. என் போனில் படமும் ஓடியது. அப்படியென்றால் பழுது கடத்தியதில் இல்லை. வாட்ஸாப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அதைச் சுருக்கிவிடும். இந்த நேரடிப் பகிர்வு ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே கொண்டுபோய் வைக்கும். அந்த ஒரு பாடத்தை மட்டும் ஆசிரியர் வேறு போனில் எடுத்திருப்பார் போல, அது ஹெச்.265 என்ற, வீடியோவைச் சுருக்கிப் பதியும் புது முறையில் பதிவாகியிருந்தது. மற்றவை எல்லாம் ஹெச்.264. அவள் போனோடு வந்த பிளேயருக்குப் புது முறையை விரிக்கத் தெரியவில்லை. என் போனில் விஎல்சி பிளேயர் இருந்தது. செயலியையும் இதே மாதிரி நெட் இல்லாமல் அனுப்பலாம். விஎல்சியை அனுப்பினேன். அதில் ஒன்பதாவது பாடம் படத்தோடு ஓடியது.

ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இன்னமும் "ஷேரிட் போட்டு அனுப்பு" என்றுதான் பேசுகிறார்கள். ஷேரிட், செண்டர் இரண்டும் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அடக்கம். ஏதோ ஒரு வலைத்தளத்திலிருந்து அந்தப் பெயரில் கிடைப்பதை இறக்கிப் போட்டு, போன் முழுக்க விளம்பரமாகக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். போனிலேயே இந்த வசதி இருக்கும்போது அந்த ஆபத்து தேவையே இல்லை.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவளோடு படிக்கிற பிள்ளை பக்கத்துத் தோப்பிலிருந்து போனோடு வந்துவிட்டாள். "முதல்ல ஹாட்ஸ்பாட்ட அணைடி, லொகேஷன் போடு" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே, அண்ணன் மகள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எம்பி போகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

வணக்கம்.