மெஷின் விலையும் தையல் கூலியும்

வணக்கம் நேயர்களே. கடலூரில் இருபது ஆண்டுகளாகத் தையல் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்த கையோடு பெண்கள் கேட்பது, "அக்கா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். "மாதம் எத்தனை ரவிக்கை வரும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதுநகரிலிருந்து வந்த ஒரு மாணவி, அக்கம்பக்கத்தில் மாதம் 15 ரவிக்கை வரும் என்றாள். கூலி 150 ரூபாய். நூலுக்கும் கொக்கிக்கும் 20 ரூபாய் போனால் 130 நிற்கும், மாதம் 1,950. அவள் ஆசைப்பட்டது 16,000 ரூபாய் ஆட்டோமேட்டிக் மெஷின். கால்மிதி மெஷினுக்குக் கடையில் சொன்ன விலை 7,000. கால்மிதியின் விலை நான்கே மாதத்தில் திரும்பிவிடும். ஆட்டோமேட்டிக்குக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

"ஆட்டோமேட்டிக்கில் வேகமாகத் தைக்கலாமே, அக்கா" என்றாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். ஒரு ரவிக்கைக்கு அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அளவு எடுத்து வெட்டுவது, கொக்கி கட்டுவது, கையால் ஹெம்மிங் செய்வது போக, மெஷின் ஓடியது நாற்பது நிமிடம்தான். மின்சாரத்தில் ஓடினால் அதில் கால் மணி நேரம் மிச்சமாகும். கூடுதலாகத் துணி வராதபோது அந்தக் கால் மணி நேரம் காசாகாது.

ஆட்டோமேட்டிக்கில் ஜிக்ஜாக் தையலும் காஜாவும் போடலாம் என்பது உண்மை. அவளுக்கு மாதம் பத்துச் சுடிதார் வரலாம். ஓரம் அடிக்க வெளியே கொடுக்கும் 20 ரூபாய் மிச்சமானால் மாதம் 200. விலை வித்தியாசமான 9,000 ரூபாயை எடுக்க 45 மாதம்! காஜாவும் ஓரத்தையலும் நிறைய வருகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். இன்னொன்று, வீட்டு உபயோகத்துக்கான அந்தச் சிறிய மெஷினில் ஜீன்ஸ் மடிப்பையோ கெட்டியான பையையோ நாள் முழுதும் தைத்தால் மோட்டார் சூடேறும். வாங்கும்போது உங்கள் துணியையே நான்காக மடித்துத் தைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் இழுவை சரியில்லை என்று பொருள். அதைத் திருத்தியும் ஊசி தையலை விட்டுவிட்டுப் போனால் அந்த மெஷின் வேண்டாம்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் பல நாள் மின்சாரம் இல்லை. அந்தப் பொங்கலுக்குக் கால்மிதி வைத்திருந்தவர்கள்தான் தைத்துக் கொடுத்தார்கள். கடற்காற்றில் பாபின் கேஸ் சீக்கிரம் துருப்பிடிக்கும். எந்த மெஷினானாலும் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

அந்த மாணவி கால்மிதியே வாங்கினாள். தீபாவளிக்கு 40 ரவிக்கை வந்து, சிலதைத் திருப்பி அனுப்ப நேர்ந்தபோது, 2,000 ரூபாயில் அதே மெஷினுக்கு மோட்டார் பொருத்திக்கொண்டாள். நாற்பதில் கால் கால் மணியாக மிச்சமானது பத்து மணி நேரம். அதில் இன்னும் ஐந்து ரவிக்கை. கையில் 650 ரூபாய். அப்படி நான்கு மாதம் வேலை வந்ததும் மோட்டார் விலை திரும்பிவிட்டது. மின்சாரம் போனால் பெல்ட்டை மாற்றிப்போட்டுக் காலால் மிதிக்கிறாள்.