தயிர்சாதக் கட்சி பேசுகிறது

பட்டிமன்றத் தலைப்பு: "மதிய டப்பாவுக்கு ஏற்றது புளிசாதமா, தயிர்சாதமா?"
எதிரணி சொன்னது: "தயிர்சாத டப்பாவை ஒருத்தன் திறந்தால் ஆபீஸில் எல்லாரும் ஜன்னலைத் திறக்கணும்."

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பசியோடு உட்கார்ந்திருக்கிற சபையே, வணக்கம்.

நல்ல கைதட்டல் வாங்கிவிட்டார். அந்த ஜன்னலைத் திறந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூரில் வேலை பார்த்த காலம். மே மாதம், தகரக் கூரை. பக்கத்து சீட்டில் புதிதாகக் கல்யாணமான தம்பி. மனைவி ஊருக்குப் போயிருந்ததால் தானே தயிர்சாதம் பிசைந்து கட்டி வந்திருந்தார். மூடியில் ரப்பர் வளையம் வைத்த புது எவர்சில்வர் டப்பா. ஒரு மணிக்குத் திறக்கிறார், மூடி அசையவில்லை.

நான் இழுத்தேன். ஸ்டோர் கீப்பர் அண்ணன் இழுத்தார்; அவர் ஜிம்முக்குப் பணம் மட்டும் கட்டுகிறவர். டிஸ்பாட்ச் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தான். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "விலகுங்க!" என்று சட்டைக் கையை மடித்தார். டப்பாவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். முகம் சிவந்தது, மூடி அப்படியே இருந்தது. "மேனுபேக்சரிங் டிபெக்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நடுவரே, உங்களைச் சொல்லவில்லை.

கடைசியில் டீ கொண்டு வருகிற அக்கா வந்தார். டப்பாவைத் தொடக்கூட இல்லை. "சோறு சூடா இருக்கும்போதே மூடிட்டீங்களா தம்பி?" என்றார். கரண்டிக் காம்பை ரப்பர் இடுக்கில் கொடுத்து நெம்பினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, மூடி கையோடு வந்தது. அப்புறம்தான் எதிரணி சொன்ன ஜன்னல்!

அக்கா மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். முத்து முத்தாகத் தண்ணீர். சூட்டோடு மூடினால் ஆவி ஆறித் தண்ணீராகிச் சோற்றிலேயே சொட்டும். உள்ளே இருக்கிற காற்றும் ஆவியும் சுருங்க, மூடி இறுகிக்கொள்ளும். போதாததற்குத் தம்பி ஊற்றியது முந்தாநாள் தயிர், கிண்ணம் நிறைய. அது ஆறு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தால் வேறென்ன செய்யும்?

காலையில் டப்பாவுக்குள் போக வேண்டியது தயிரே இல்லை, பால். குழைய வேகவைத்த சோறு ஒன்றரைக் கப். அகலத் தட்டில் பரப்பி மசித்து, இளஞ்சூடு வரும்வரை ஆறவிட வேண்டும். காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளர். புளிக்காத தயிர் மார்கழியில் இரண்டு ஸ்பூன், மே மாதத்தில் அரை ஸ்பூன் போதும். உப்பு, தாளிப்பு, அவ்வளவுதான். பஸ்ஸில் போகப் போக அதுவே உறைந்து, ஒரு மணிக்குத் தயிர்சாதமாகியிருக்கும். பச்சை வெங்காயம் மட்டும் வேண்டாம். மதியத்துக்குள் வாடை அடிக்கும்.

புளிசாதம் கெடவே கெடாது என்றார். பாதி சரி. புளியும் நல்லெண்ணெயும் காக்கும். ராத்திரி ரயிலுக்கு நானும் அதைத்தான் கட்டுவேன். ஆனால் அதன் தலையில் ஒரு தேங்காய்த் துவையலை வைத்தாரே, முதலில் ஊசிப்போவது அதுதான். "லேசா வாடை வந்தா மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக்கலாம்" என்றாரே, அது வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்த சோற்றில் சில கிருமிகள் விட்டுப்போகும் விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் அசையாது. வாடை வந்தாலும் நூல் விட்டாலும் கொட்டிவிடுங்கள்.

என்ன ஐயா, கடைசி வரிசை? "என் பேரன் ஸ்கூல் வேன்ல டப்பாவ இன்ஜின் மேலயே வைக்கிறான்"னா? ஐயா, தலைப்பு அது இல்லை! இருந்தாலும் சொல்கிறேன்: அதற்கு எங்கள் அணியிலும் மருந்து இல்லை, எதிரணியிலும் இல்லை. டிரைவரிடம் பேசுங்கள்.

சரி, சிரித்தது போதும். இந்த அரை ஸ்பூன் கணக்கை எங்கள் அம்மா எங்கே கற்றார் தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையிலிருந்து டப்பாவை எடுப்பார். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்க மாட்டார். கேட்டால் நான் பொய் சொல்வேன். மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். ஓரத்தில் ஒட்டியிருக்கிற பருக்கையை நாக்கில் வைப்பார். மறுநாள் தயிர் குறைந்திருக்கும், இல்லை பால் கூடியிருக்கும். காலியான டப்பாவை முகர்ந்து பார்த்த அம்மா உங்கள் வீட்டிலும் இருந்தால், நடுவரே, கையைத் தூக்குங்கள்!

பாருங்கள், எதிரணித் தலைவரே தூக்கிவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்கிறேன். டப்பா மேடைக்குப் பின்னால் இருக்கிறது, உறைந்திருக்கும். எதிரணிக்கும் சேர்த்துத்தான் கட்டி வந்தேன்.