முழுநீளப் படத்தில் கோட்டின் தோளையும் காற்சட்டையின் மடிப்பையும் பார்ப்பது எப்படி

[திரையில்: கண்ணாடிக்கு முன்னால் கைத்தொலைபேசியுடன் நிற்கும் இளைஞனின் இரண்டு படங்கள்]

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகன், நண்பனின் திருமண வரவேற்புக்குக் கோட் வாங்கப் போன கடையிலிருந்து இந்த இரண்டு படங்களையும் அனுப்பி, "மாமா, 40ஐ எடுக்கவா, 42ஐ எடுக்கவா? பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தான். இரண்டையும் வைத்து என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. படம் எடுப்பதற்காக வலக்கையை உயர்த்தியதால் தோள் மேலே ஏறி, கோட்டின் கையும் மணிக்கட்டை விட்டு விலகியிருந்தது. பார்க்க வேண்டிய இரண்டு இடங்களுமே அந்த ஒரு கையசைவில் கெட்டுவிட்டன.

அதனால் வேறொருவரைக் கொண்டு படம் எடுக்கச் சொன்னேன். எடுப்பவர் மூன்று மீற்றர் தள்ளி நின்று, தொலைபேசியைத் தன் வயிற்று உயரத்தில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கண் உயரத்திலிருந்து கீழே சாய்த்து எடுத்தால் தோள் அகன்றும் கால் குறுகியும் தெரியும். உடுத்தியவர் இரு கைகளையும் தளரத் தொங்கவிட்டு, விழாவுக்குப் போடப்போகும் சப்பாத்துடனேயே நிற்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்கள் போதும்.

[திரையில்: தோள்பகுதி பெரிதாக்கப்படுகிறது]

முதலில் தோளைப் பாருங்கள், ஏனென்றால் தையற்காரரால் எளிதில் திருத்த முடியாத இடம் அதுதான். கோட்டின் கை தைக்கப்பட்டிருக்கும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். அங்கிருந்து கை நேராகக் கீழே இறங்க வேண்டும். அப்படி மறுபடி எடுத்து அனுப்பியவற்றில், 42ஐப் போட்ட படத்தில் தையலுக்கு ஒரு விரல் கீழே, கன்னக்குழி போல ஒரு நிழல் விழுந்திருந்தது. உள்ளே வைத்துத் தைத்த பஞ்சு, எலும்பைத் தாண்டி வெளியே நீண்டு நிற்க, அதற்குக் கீழே புயம் இல்லாமல் துணி உள்வாங்கியதே அந்தக் குழிக்குக் காரணம். 40இல் அந்தக் குழி இல்லை. ஆனால் பொத்தானைப் போட்டதும் இடுப்பில் இரண்டு சுருக்கங்கள் குறுக்கே வெட்டிக்கொண்டன. கடையில் பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் பெரிய அளவைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் 40ஐ எடுக்கச் சொன்னேன். அவன் கோட்டைப் புரட்டிப் பார்த்தபோது நடுமுதுகுத் தையலுக்குள் விட்டுவைத்த துணி இருந்தது, அதைப் பிரித்து இடுப்பைத் தளர்த்தலாம்.

[திரையில்: மணிக்கட்டு]

அடுத்தது கை முடியும் இடம். கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் நின்று, உள்ளே இருக்கும் சேர்ட் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீற்றர் வரை வெளியே தெரிவது சரியான அளவு. இவனுடைய படத்தில் சேர்ட் தெரியவேயில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. சப்பாத்துடன் அவன் உயரம் 175 சென்டிமீற்றர். தொலைபேசித் திரையில் உச்சி முதல் அடி வரை 14 சென்டிமீற்றர். ஆகவே திரையில் ஒரு மில்லிமீற்றர், உடம்பில் ஒன்றேகால் சென்டிமீற்றர். மணிக்கட்டு எலும்பைத் தாண்டித் திரையில் இரண்டு மில்லிமீற்றர் துணி இருந்ததால், இரண்டரை சென்டிமீற்றர் அளவுக்கு நீளம் கூட என்று கொள்ளலாம். கோட்டை வாங்கலாமா என்று முடிவு செய்ய இந்தக் கணக்குப் போதும். வெட்டுவதற்கு முன் நாடாவால் அளக்கத்தான் வேண்டும். கைப்பொத்தான்களின் துளைகள் உண்மையாகவே வெட்டப்பட்டிருந்தால் கீழிருந்து இவ்வளவு குறைக்க முடியாது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டில் அவை வெறும் தையல் கோடுகளாக இருந்தது நல்லதாயிற்று.

[திரையில்: பக்கவாட்டுப் படம், சப்பாத்தின் மேல் காற்சட்டை]

காற்சட்டையின் முன்பக்கம் சப்பாத்தின் மேல் இடித்து மடிவதைத்தான் பிரேக் என்கிறார்கள். ஆழமில்லாத ஒரே மடிப்பு விழுந்து, பின்பக்க விளிம்பு சப்பாத்துக் குதியின் மேல் ஓரத்தைத் தொட்டால் அது அரைப் பிரேக். கால் விளிம்பு ஒடுங்கிய காற்சட்டை சப்பாத்தின் மேல் படியாமல் அடுக்கடுக்காகச் சுருளும், ஆகவே அதை மடிப்பே இல்லாமல் சற்று உயர்த்தி வைப்பது நல்லது. அகன்ற கால் விளிம்பு ஒரு மடிப்பைத் தாராளமாகத் தாங்கும். மழை நாளில் காலி வீதியில் இறங்கி நடப்பவருக்கும் உயர்த்தி வைப்பதே வசதி.

என் மருமகனுக்கு இரண்டு மடிப்புகள் விழுந்திருந்தன. கோட்டின் கையில் செய்தது போல இங்கே படத்தை வைத்துக் கணக்கிட முடியாது, ஏனென்றால் மடிப்புக்குள் போன துணி படத்தில் தெரியாது. முதலில் காற்சட்டை இடுப்பிலிருந்து சறுக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அது இரண்டு சென்டிமீற்றர் இறங்கினால் கீழேயும் அதே அளவு துணி குவியும். இடுப்பில் ஏற்றியபின்னும் ஒன்றரை மடிப்பு மிஞ்சியது. பிறகு விளிம்பை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு சென்டிமீற்றர் உயர்த்தி, அதே இடத்திலிருந்து படம் எடுத்தார்கள். மூன்றாவது படத்தில் ஒரே ஒரு மெல்லிய மடிப்பு மட்டும் இருந்தது. அந்தக் குண்டூசியை எடுக்காமலே காற்சட்டையைத் தையற்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.