அண்ணன் மகனுக்கு எத்தனை மதிப்பெண்?

(திரையில்: இரண்டு விற்பனைத் தாள்கள், பெயர் மறைத்து)

குடும்பத் தொழிலில் விற்பனைப் பிரிவில் இரண்டு பேர். ஒருவர் முதலாளியின் அண்ணன் மகன், இன்னொருவர் வெளியாள். இந்த வருஷம் அண்ணன் மகன் விற்றது 1200 பெட்டி, மற்றவர் 800. "எண்ணிக்கையே சொல்லுதே, இதில் பாரபட்சம் எங்கே?" என்பார் முதலாளி.

பாரபட்சம் மதிப்பீட்டு நாளில் நுழைவதில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்த அன்றே நுழைந்துவிடுகிறது. அந்த 1200 பெட்டியில் 900 பெட்டியை வாங்கியவர்கள் முதலாளியே கைமாற்றிக் கொடுத்த மூன்று பழைய வாடிக்கையாளர்கள். போன வருஷம், அண்ணன் மகன் வருவதற்கு முன்பே, அவர்கள் 850 பெட்டி வாங்கியிருந்தார்கள்.

(திரையில்: 1200 − 850 = 350. 800 − 400 = 400)

அப்படியென்றால் அண்ணன் மகன் சேர்த்தது 350. மற்றவர் கையில் கொடுத்தது 400 பெட்டி வியாபாரம், அதன்மேல் அவர் சேர்த்தது இன்னொரு 400. உடன் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். மனக்கசப்பு பிறப்பதும் இங்கேதான்.

அதனால் வருஷத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வியாபாரம் ஒப்படைக்கிறோம் என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தள்ளுபடியையும் பாருங்கள். சொந்தக்காரர் முதலாளிக்கு நேரே போன் போட்டு வரம்பை மீறிய தள்ளுபடி வாங்கியிருந்தால், அந்த விற்பனையைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

(திரையில்: ஒரே மாதிரி இரண்டு படிவம்)

மதிப்பெண் போடுவது முதலாளி வேலை இல்லை. நேரடி மேலாளர் ஒருவரும், குடும்பத்தைச் சேராத வேறு பிரிவுத் தலைவர் ஒருவரும் கலந்து பேசாமல் தனித்தனியாக, 5க்கு இத்தனை என்று போடட்டும். ஆள் ஆளாக வேண்டாம். முதலில் வசூல் என்ற ஒரு தலைப்பில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, பிறகு அடுத்த தலைப்புக்குப் போகட்டும். மதிப்பெண் போட்ட இருவருக்கும் இடையே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், தேதியோடு ஒரு சம்பவத்தைச் சொல்லித்தான் தீர்க்க வேண்டும். முதலாளி ஒரு மதிப்பெண்ணை மாற்றினால், அவரும் காரணம் எழுதியாக வேண்டும்.

மேலாளர் பயந்துவிட்டாரா என்று கண்டுபிடிப்பது எளிது. சொந்தக்காரருக்கு எல்லாத் தலைப்பிலும் 4 இருக்கும், குறிப்புப் பகுதி காலியாக இருக்கும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஊழியர்கள் பேசுவார்களே என்று சொந்தக்காரருக்கு வேண்டுமென்றே ஒன்று குறைப்பார்கள். அதுவும் அநியாயம்தான், அவருக்குச் சீக்கிரமே மனம் விட்டுப்போகும்.

சம்பள உயர்வுக்கு எல்லோருக்கும் ஒரே அட்டவணை. அண்ணன் மகனுக்குக் கல்யாணச் செலவு, வீட்டுக் கடன் என்று உதவ நினைத்தால், முதலாளி தன் லாபப் பங்கிலிருந்து கொடுக்கட்டும். அதைச் சம்பளப் பட்டியலில் 'ஊக்கத்தொகை' என்று எழுதினால் கணக்கர் பார்ப்பார், ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முடிவைச் சொல்வது அலுவலகத்தில், மேலாளர் வாயால். வீட்டில் சாப்பிடும்போது சித்தப்பா முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதன்பின் அந்த மேலாளர் சொல்வதை அண்ணன் மகன் காதில் வாங்கமாட்டார்.