செக்கின் பின்பக்கம் கையெழுத்திட்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

[திரையில்: 40,000 ரூபாய்க்கு ஒரு செக், இடது மூலையில் இரண்டு கோடுகள்]

திருவல்லிக்கேணியில் அச்சகம் நடத்தும் ரவிக்கு, ஒரு வாடிக்கையாளர் 40,000 ரூபாய்க்கு செக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரிமுனையில் பேப்பர் விற்கும் குமாருக்கு ரவி தர வேண்டியதும் அதே தொகைதான். செக்கை அப்படியே குமாரிடம் கொடுத்துவிட முடியுமா?

சட்டப்படி முடியும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதை அனுமதிக்கிறது.

[திரையில்: செக்கின் பின்பக்கம்]

ரவி பின்பக்கத்தில் ‘குமாருக்கோ அவர் சொல்பவருக்கோ பணம் தரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பக்கம் பெயர் எப்படி இருக்கிறதோ, கையெழுத்தும் அதற்குப் பொருந்த வேண்டும். இதைத்தான் எண்டார்ஸ் செய்வது என்கிறோம். வெறும் கையெழுத்து மட்டும் போட்டாலும் செல்லும். ஆனால் அந்த செக் வழியில் தொலைந்தால், எடுத்தவர் அதைப் பயன்படுத்திவிட வாய்ப்பு உண்டு. அதனால் பெயரை எழுதிவிடுங்கள்.

முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ‘அக்கவுண்ட் பேயீ’ என்று இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ரவியின் கணக்கைத் தவிர வேறு கணக்கில் அதை வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு.

[திரையில்: குமாரின் வங்கி கவுண்டர்]

சரி, வெறும் கோடுகள்தான் இருக்கின்றன. அப்புறமும் குமாரின் வங்கி ஏன் தயங்குகிறது?

பின்பக்கம் இருப்பது ரவியின் கையெழுத்துதானா என்று அந்த வங்கிக்குத் தெரியாது. மாதிரிக் கையெழுத்து ரவியின் வங்கியில் இருக்கிறது. பணம் தர வேண்டிய வங்கியிடம் இருப்பதோ வாடிக்கையாளரின் கையெழுத்து மட்டும்தான். அந்த வங்கி, பின்பக்க எண்டார்ஸ்மென்ட் பார்வைக்கு ஒழுங்காக இருந்து, முறைப்படி பணம் கொடுத்திருந்தால் 85-ஆம் பிரிவு அதைக் காப்பாற்றும். வசூலித்துத் தரும் குமாரின் வங்கிக்கு 131-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமென்றால், நல்லெண்ணத்தோடும் அலட்சியம் இல்லாமலும் நடந்திருக்க வேண்டும். யாரோ திருடிப் போலிக் கையெழுத்துப் போட்டிருந்தால், ரவி வந்து நிற்பது இந்த வங்கியிடம்தான். ‘ஏன் விசாரிக்கவில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கவுண்டரில் இருப்பவர். இப்போது கிளியரிங்குக்கு செக்கின் படம்தான் போகிறது. தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பது இந்த ஒரு கிளைதான். அவர்கள் தயங்குவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

வேறு வழியில்லை என்றால், குமார் முதலில் தன் கிளை மேலாளரைக் கேட்கட்டும். ரவியின் கையெழுத்தை அவருடைய வங்கி உறுதி செய்தால் சில கிளைகள் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். ரவி தன் கணக்கில் செக்கைப் போட்டு, பணம் வந்ததும் நெஃப்டில் அனுப்புவதே எளிது.

எண்டார்ஸ் செய்தே கொடுத்தால், இரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். தேதியையும் பாருங்கள்: கை மாறினாலும், செக்கில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான் கெடு.