சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லேப்டாப்பில் போன் தெரியவில்லையா? டிரைவரைத் தேடும் முன் கேபிளைப் பாருங்கள்

[திரையில்: இரண்டாக வெட்டிய ஒரு வெள்ளை கேபிள், மிக அருகில்]

இந்தக் கேபிளை நான்தான் வெட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. போனில் மாட்டினால் சார்ஜ் ஏறும். ஆனால் இதை வைத்து ஒரே ஒரு போட்டோவைக்கூட லேப்டாப்புக்குக் கொண்டுபோக முடியாது. வெட்டிய இடத்தைப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவ்வளவுதான். இன்னும் இரண்டு ஒயர் இருந்திருக்க வேண்டும்.

வணக்கம். போன வாரம் பெரம்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் வளைகாப்பு போட்டோ எல்லாம் பெரியம்மாவின் ஆண்ட்ராய்டு போனில்தான் இருக்கிறது. போனில் இடம் தீர்ந்துவிட்டது. "ஏம்பா, மூணு நாளா இதோட மல்லுக்கட்டுறேன். ஒயரைச் சொருகினா சார்ஜ் ஏறுது, லேப்டாப்ல ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் இணையத்திலிருந்து ஏதோ ஒரு டிரைவரை, அதாவது போனோடு பேச லேப்டாப்புக்கு உதவும் மென்பொருளை, இறக்கிப் போட்டிருக்கிறான். அதோடு தேவையில்லாத இரண்டு மென்பொருளும் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டன. உங்கள் வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

சரி, லேப்டாப் ஒரு போனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

[திரையில்: யூஎஸ்பி முனையின் வாய்ப்பகுதி, நான்கு தகடுகள்]

லேப்டாப்பில் செருகும் தட்டையான முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. கேபிளுக்குள்ளும் அதே கணக்குதான். சிவப்பில் 5 வோல்ட் வரும், கறுப்பில் திரும்பும். பச்சையும் வெள்ளையும் தகவல் போகும் வழி.

இப்போது இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரத் தகடுகள் இரண்டும் நடுத் தகடுகளைவிடச் சற்று நீளமாக இருக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவு அழகான யோசனை. கேபிளைச் செருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும், தகவல் அதற்குப் பிறகு தொட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள். கேபிள் முழுதாக உட்காராமல் ஒரு நூல் வெளியே நின்றாலும் சார்ஜ் மட்டும் ஏறுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மின்சாரம் வந்த பிறகு என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொன்னால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். போனும் அப்படித்தான். 5 வோல்ட் வந்ததும், பச்சை ஒயரில் மின்னழுத்தத்தைச் சுமார் 3 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும். அதுதான் போன் சொல்லும் "உள்ளேன் ஐயா". லேப்டாப் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏற்றம் தெரிந்ததும், "நீ யார், எந்தக் கம்பெனி, என்ன வேலை செய்வாய்" என்று கேள்வி கேட்கத் தொடங்கும். விண்டோஸில் 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது இந்த விசாரணை நடந்ததற்கான அடையாளம்.

பச்சை ஒயரே இல்லாத கேபிளில் போன் எப்படிக் குரல் கொடுக்கும்? பிள்ளை வகுப்பில்தான் இருக்கிறான், சாப்பாடும் சாப்பிடுகிறான், ஆனால் ஆசிரியருக்குத் தெரியாது. லேப்டாப்பைப் பொறுத்தவரை எதுவும் செருகப்படவே இல்லை. அந்த நிலையில் நீங்கள் எந்த டிரைவரைப் போட்டாலும் பயன் கிடையாது. வந்திருப்பதே தெரியாத போனுக்கு டிரைவர் என்ன செய்யும்?

இப்படி இரண்டே ஒயர் உள்ள கேபிள்கள் நம் வீட்டுக்குள் எப்படி வருகின்றன? டிரிம்மர், பவர் பேங்க், கழுத்தில் மாட்டும் இயர்போன் ஆகியவற்றோடு வரும் குட்டிக் கேபிள்கள் பல இந்த ரகம்தான். அந்தப் பொருள்களுக்குச் சார்ஜ் மட்டும் போதும், அதனால் அப்படித் தருகிறார்கள். பிளாட்பாரத்தில் வாங்கும் மலிவுக் கேபிள்களிலும் இருக்கும். முனையைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சிலவற்றில் நான்கு தகடும் இருக்கும், உள்ளே ஒயர் மட்டும் இருக்காது. பெரியம்மா வைத்திருந்தது பவர் பேங்கோடு வந்த கேபிள். நான் வெட்டியது அதைத்தான், அவர் சம்மதத்தோடு!

வெட்டாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லேப்டாப்பின் ஒலியைக் கூட்டி வையுங்கள். போனின் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். டிங் சத்தம் வந்ததா? போனின் மேல்பகுதியை இழுத்தால் `Charging this device via USB` போன்ற ஓர் அறிவிப்பு இருக்கிறதா? சத்தமும் இல்லை, அறிவிப்பும் இல்லை, பேட்டரியில் மின்னல் குறி மட்டும் தெரிகிறது என்றால் தகவல் ஒயர் வழியில் எங்கோ அடைப்பு. அமைப்புகளில் `USB` என்று தேடினாலும் அந்தப் பக்கம் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும்.

[திரையில்: போனின் சார்ஜிங் துளை, டார்ச் வெளிச்சத்தில்]

கேபிளைக் குறை சொல்லும் முன் ஒரு நிமிடம், போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் நூல்தூசி அழுந்தி அழுந்தி, அடியில் ஒரு மெத்தை மாதிரி படிந்திருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம், உள்ளே இருக்கும் பின்களைக் கெடுத்துவிடும். பெரியம்மா போனில் துளை சுத்தமாகத்தான் இருந்தது. லேப்டாப்பின் வேறு துளையிலும் மாட்டிப் பார்த்தேன், அதே மௌனம். அப்போதே கேபிள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் "சி டைப் கேபிள்" என்று மட்டும் கேட்காதீர்கள், "டேட்டா கேபிள்" என்று கேளுங்கள். நான் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே செருகி, டிங் சத்தம் கேட்ட பிறகுதான் காசு கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கடைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் எந்தப் பொருளோடு வந்த கேபிள் இப்படி ஏமாற்றியது என்று கமெண்டில் எழுதுங்கள். அதைப் படிக்கும் இன்னொருவருக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

அப்புறம், நல்ல கேபிள் வந்துவிட்டது. பெரம்பூரில் மாட்டினேன். டிங்! லேப்டாப்பில் `This PC`-க்குள் போனின் பெயரும் வந்துவிட்டது. பெரியம்மா ஆசையாகத் திறந்தார். உள்ளே காலி. "எல்லாம் அழிஞ்சுபோச்சா?" என்று முகமே மாறிவிட்டது.

எதுவும் அழியவில்லை. போன் "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டது, பையைத் திறந்து காட்ட மட்டும் மறுக்கிறது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிள் மாட்டினால் போன் தானாகச் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் சார்ஜ் போட்டால் உங்கள் படங்களை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. எனக்கு இது மிகச் சரியான ஏற்பாடாகவே படுகிறது.

திறப்பது சுலபம். போனின் பூட்டைத் திறங்கள், மேலிருந்து இழுங்கள், யூஎஸ்பி அறிவிப்பைத் தொடுங்கள். `No data transfer` என்பதில் இருக்கும் புள்ளியை `File transfer` என்பதற்கு மாற்றுங்கள். சில போன்களில் இது `File transfer / Android Auto` என்று இருக்கும். சில போன்கள் "அனுமதிக்கலாமா?" என்று நேரடியாகவே கேட்கும், `Allow` கொடுங்கள். பெரியம்மா புள்ளியை மாற்றிய மறு நொடி, காலியாக இருந்த இடத்தில் `Internal shared storage` வந்து நின்றது. ஒவ்வொரு முறை கேபிள் மாட்டும்போதும் இதைச் செய்ய வேண்டும்.

டிங் சத்தம் வருகிறது, `File transfer`-உம் கொடுத்தாயிற்று, ஆனாலும் `This PC`-யில் பெயரே வரவில்லை என்றால், அப்போதுதான் டிரைவர் பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், `Device Manager`. மஞ்சள் முக்கோணத்தோடு `MTP` என்றோ போன் பெயரோ இருந்தால், அதில் வலது கிளிக் செய்து `Uninstall device` கொடுத்து, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். விண்டோஸ் தன்னிடம் இருக்கும் டிரைவரையே திரும்பப் போட்டுக்கொள்ளும், வெளியே எங்கும் இறக்க வேண்டாம். விண்டோஸின் பெயரில் `N` என்ற எழுத்து உள்ள பதிப்பாக இருந்தால் மட்டும் `Media Feature Pack` என்பதைச் சேர்க்க வேண்டும். அமைப்புகளில் `About` பக்கத்தில் பதிப்பின் பெயர் இருக்கும்.

[திரையில்: DCIM கோப்புறை]

இனி போட்டோ. `Internal shared storage`, அதற்குள் `DCIM`, அதற்குள் `Camera`. பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த படங்களும் வேண்டும் என்றார். அவை இங்கே இருக்காது, புதிய போன்களில் இந்த வழியில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

`Camera`-வைத் திறந்ததும் படங்கள் உடனே வராது. ஆண்ட்ராய்டு போன் பென் டிரைவ் மாதிரி நடந்துகொள்வதில்லை, ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுக் கேட்டுத்தான் பட்டியல் வரும். பட்டியல் முழுதாக வந்து முடியும் வரை காத்திருங்கள். போன் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பாதியில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

பெரியம்மாவிடம் 3,400 படங்கள் இருந்தன. மொத்தமாக எடுத்தால் நடுவில் நின்றுவிடலாம், எங்கே நின்றது என்றும் தெரியாது. அதனால் ஐந்நூறு ஐந்நூறாக எடுத்தேன். `Copy` மட்டும்தான், `Cut` கூடவே கூடாது. `Cut` கொடுத்துப் பாதியில் கேபிள் ஆடினால், எந்தப் படம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கும். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். லேப்டாப்பில் நான்கு படம் குறைந்தது. கடைசியாக எடுத்த தொகுப்பை மறுபடி எடுத்ததும் கணக்கு சரியானது. வளைகாப்புப் படங்களில் பத்துப் பன்னிரண்டைத் திறந்து பார்த்த பிறகுதான் பெரியம்மாவைப் போனில் அழிக்கவிட்டேன்.

கிளம்பும்போது, வீட்டில் இருந்த மற்றக் கேபிள்களையும் ஒவ்வொன்றாக மாட்டி டிங் சத்தம் கேட்டுப் பார்த்தோம். ஐந்தில் இரண்டு ஊமை. அந்த இரண்டின் முனையிலும் பெரியம்மா தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துச் சுற்றிக் கட்டிவிட்டார், இனி அவை சுவரில் இருக்கும் சார்ஜருக்கு மட்டும்.